கொன்சோலைக் கள்ள விலைக்கு வாங்காமல் இருப்பது எப்படி?

2025 ஜூன் நடுப்பகுதியில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற தம்பி ஒருவன் போனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். நின்டென்டோ கொம்பனியின் புதிய வீடியோ கேம் கொன்சோல் சுவிட்ச் 2 வெளிவந்து பத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. "அண்ணா, கொழும்பில ஒருத்தரிட்ட ஒண்டு இருக்காம், ரெண்டு லட்சத்து அறுபது கேக்கிறார், இப்ப எடுக்காட்டி இனிக் கிடைக்காதாம், எடுக்கட்டே?" என்று கேட்டான். ஏ.எல். முடித்துவிட்டு ஒரு வருடமாகச் சேர்த்த காசு அது. அவனிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "உதைச் செய்யிற ஃபக்டரி இன்னும் ஓடுதோ, இல்லாட்டி நிண்டிட்டுதோ?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கடையில் ஒரு சாமான் இல்லை என்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஃபக்டரி செய்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் வாங்க நிற்கிற சனத்துக்கு அது காணாது. புதிய கொன்சோல் வெளிவரும்போது நடப்பது இது. மற்றது, கொம்பனியே இவ்வளவுதான் செய்வோம் என்று எண்ணி வைத்து, செய்து முடித்து, நிறுத்திவிட்டது. எண்ணிக்கை சொல்லி விற்கிற கலெக்டர்ஸ் எடிஷன் இந்த வகை. முதலாவதில் பொறுத்திருக்கிறவருக்குத்தான் லாபம். இரண்டாவதில் பொறுத்திருந்து பயனில்லை, முன்பதிவு திறக்கிற அன்றைக்கே வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். பதுக்கி விற்கிறவர்கள், ஸ்கால்ப்பர் என்று ஆங்கிலத்தில் சொல்வார்களே, அவர்கள் பிழைப்பதே முதல் வகைச் சாமானை இரண்டாம் வகைச் சாமான் போலக் காட்டித்தான். தம்பிக்குச் சொல்லப்பட்ட "இனிக் கிடைக்காதாம்" என்ற அந்தச் சொல்லுக்குத்தான் லட்சம் ரூபாய் விலை.

முதல் வகையைப் பார்ப்போம். சோனியின் பிளேஸ்டேஷன் 5 வந்தது 2020 நவம்பரில். அமெரிக்காவில் விளையாட்டு பதிந்த தட்டுப் போடுகிற மொடல் 499 டொலர், தட்டில்லாதது 399. வந்த கிழமையே ஒன்லைன் ஏல விற்பனைத் தளங்களில் அது ஏறக்குறைய இரட்டை விலைக்குப் போனது. கொரோனா காலம், எல்லோரும் வீட்டில், கப்பல் போக்குவரத்தும் குழம்பிக் கிடந்தது. அதோடு அந்த மெஷினுக்குள் இருக்கிற சிப்பைச் செய்துகொடுக்கிற தைவான் ஃபக்டரியிடம் உலகத்தில் இருக்கிற போன், கொம்பியூட்டர், எக்ஸ்பொக்ஸ் எல்லாம் வரிசையில் நின்றன. சோனி நினைத்தாலும் கூடச் செய்ய முடியவில்லை. தட்டுப்பாடு முடிந்துவிட்டது என்கிற மாதிரி சோனி வெளிப்படையாகச் சொன்னது 2023 ஜனவரியில்தான். இரண்டு வருடத்துக்கு மேல்.

சுவிட்ச் 2 அப்படி இல்லை. 2025 ஜூன் 5 இல் வந்தது, நான்கே நாளில் உலகம் முழுவதும் 35 லட்சம் விற்றது. இதைக் கேட்டவுடன் "அப்ப எல்லாம் முடிஞ்சுது" என்றுதான் மனம் சொல்லும். ஆனால் அந்த எண்ணையே மற்றப் பக்கமாகப் பாருங்கள். நான்கு நாளில் 35 லட்சம் விற்க வேண்டுமென்றால் 35 லட்சம் செய்து கடைகளில் அடுக்கியிருக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5 முதல் ஏழு கிழமையில் விற்றதே 45 லட்சம்தான். ஆகவே சுவிட்ச் 2 ஐ நின்டென்டோ நிறையச் செய்து வைத்துக்கொண்டுதான் விற்க வந்தது. ஜூன் முடிவதற்குள் 58 லட்சம், செப்டெம்பர் முடிவில் ஒரு கோடிக்கு மேல். ஃபக்டரி அந்த வேகத்தில் ஓடும்போது பதுக்கி வைத்திருக்கிறவரின் பெட்டி ஒவ்வொரு நாளும் மலிந்துகொண்டே போகும். அவருக்கு அது தெரியும். அதனால்தான் வாங்க வருகிறவரை இன்றைக்கே எடுங்கோ என்று அவசரப்படுத்துவார்.

பதுக்கல்காரரின் கணக்கை ஒருமுறை நாமே போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அமெரிக்காவில் ஒருவர் சுவிட்ச் 2 ஐ அது வந்த நேரத்துக் கடை விலைக்கு, அதாவது 450 டொலருக்கு எடுக்கிறார் என்று வையுங்கள். அங்கே விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், நாங்கள் 8 வீதம் என்று வைப்போம். 36 டொலர் சேர்ந்து கைக்காசு 486 போய்விட்டது. ஒன்லைனில் விற்றுக்கொடுக்கிற தளம் விற்ற விலையில் 13 வீதமளவில் எடுத்துக்கொள்ளும், பார்சல் அனுப்ப ஒரு 25 டொலர். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் 587 டொலருக்கு விற்றால்தான் அவர் போட்ட காசு அப்படியே திரும்பும், ஒரு சதம் லாபம் இல்லை. அதாவது கடை விலைக்கு மேல் 137 டொலர் வைத்து விற்றும் அவர் சும்மா உழைத்ததுதான். சந்தை விலை 600க்குக் கிட்ட இறங்கினாலே அவருக்கு இந்தத் தொழில் வேண்டாம் என்றாகிவிடும். அப்போது என்ன செய்வார்? பெட்டியைப் பிரிக்காமல் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். பல கடைகளில் இரண்டு கிழமையிலிருந்து ஒரு மாதம் வரை திருப்பிக் கொடுக்கலாம். கொன்சோல் வந்து மூன்று, நான்கு கிழமை கழிந்ததும் திடீரென்று கடைகளில் சாமான் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இறக்கத்தை நாம் வீட்டில் இருந்தே பார்க்கலாம். பலர் விளம்பரத்தில் போட்டிருக்கிற விலையைப் பார்த்துவிட்டு அதுதான் சந்தை விலை என்று நம்பிவிடுகிறார்கள். அது கேட்கிற விலை மட்டும்தான், யாரும் கொடுத்த விலை இல்லை. ஈபேயில் தேடும்போது வடிகட்டிகளில் Sold Items என்று ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் உண்மையாகவே விற்றுப்போன விலைகள் திகதியோடு வரும். கிழமைக்கு ஒருமுறை அதைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மூன்று கிழமை தொடர்ந்து இறங்கினால் இன்னும் பொறுங்கள். ஒரே இடத்தில் நின்றால் தட்டுப்பாடு நீளப் போகிறது என்று அர்த்தம், அப்போது வேறு வழி தேடலாம். எங்கள் ஊர் விளம்பரத் தளங்களில் விற்ற விலை காட்டமாட்டார்கள், ஆனால் அதே ஆள் அதே பெட்டியை இரண்டு கிழமையாகத் திரும்பத் திரும்ப விளம்பரம் போடுகிறாரா என்று பார்த்தாலே போதும், அந்த விலைக்கு ஆள் அகப்படவில்லை என்பது விளங்கும்.

கொம்பனிகள் இதைத் தடுக்க ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்டால், சில செய்திருக்கின்றன. முன்பெல்லாம் விற்பனை திறந்த அந்த நிமிடத்தில் யார் முதலில் பட்டனை அழுத்துகிறாரோ அவருக்குத்தான். அங்கே மனிதக் கை தோற்றுப்போகும், ஏனென்றால் பதுக்கல்காரர் பொட் என்கிற புரோகிராமை ஓடவிட்டு நூறு பெயரில் ஒரே நேரம் அழுத்துவார். நின்டென்டோ ஜப்பானில் சுவிட்ச் 2 க்கு வேறு வழி செய்தது. தன் சொந்த ஒன்லைன் கடையில் குலுக்கல் வைத்தது, அந்தக் குலுக்கலில் பெயர் கொடுக்கவே பழைய சுவிட்சில் 50 மணி நேரமாவது விளையாடியிருக்க வேண்டும், கட்டண ஒன்லைன் சந்தா மொத்தமாக ஒரு வருடமாவது இருந்திருக்க வேண்டும். அந்த 50 மணி நேரமும் 2025 பெப்ரவரி கடைசி நாள் வரைக்குமான கணக்கு. அறிவிப்பு வந்ததோ ஏப்ரலில். அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் நூறு கணக்குத் திறந்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. அப்படியிருந்தும் ஜப்பானில் மட்டும் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள்.

இது எங்களுக்குப் புதுக் கதை இல்லை. 2022 இல் பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்றோமே, போத்தலில் கள்ள விலைக்கு விற்றதை வாங்கி வண்டியை ஓட்டினோமே. அது அடங்கியது எப்போது? ஓகஸ்டில் கியூஆர் முறை வந்து, வாகன இலக்கத்துக்கு இவ்வளவுதான் என்று பங்கு கட்டியபோது. ஒரே ஆள் பத்துத் தரம் வரிசையில் நின்று பிடிக்க முடியாமல் போனது. நின்டென்டோ செய்ததும் அதுவேதான், வாகன இலக்கத்துக்குப் பதிலாக விளையாட்டுக் கணக்கின் பழைய வரலாறு. இதில் எங்களுக்கு ஒரு பாடமும் இருக்கிறது. அடுத்த கொன்சோல் எது வந்தாலும், அந்தக் கொம்பனியில் இப்போதே உங்கள் பெயரிலோ வெளிநாட்டு உறவினர் பெயரிலோ உண்மையாகப் பாவிக்கிற ஒரு கணக்கு இருந்தால், அது வரிசையில் உங்களுக்குப் பிடித்து வைத்த இடம். கடைசி நேரம் திறக்கிற கணக்குக்கு மதிப்பில்லை.

சரி, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எப்படி வாங்குவது? தம்பியின் விஷயத்தையே முழுவதுமாகச் சொல்கிறேன்.

முதலில் நியாயமான விலை எவ்வளவு என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 450 டொலர் என்பது 135,000 ரூபாய். அதற்கு மேல் கப்பல் அல்லது விமானச் செலவு, இறக்குமதியில் கட்டுகிற வரிகள், 18 வீத வற், கடைக்காரரின் லாபம், பழுதானால் அவர் பொறுப்பெடுப்பதற்கான காசு. இதெல்லாம் சேர்த்து ஒரு கடை பற்றுச்சீட்டோடும் உத்தரவாதத்தோடும் 190,000 க்கு விற்றால் அவரை நான் பதுக்கல்காரர் என்று சொல்லமாட்டேன். வெளிநாட்டு விலையோடு ஒப்பிட்டுவிட்டு எங்கள் கடைக்காரர்களைக் கள்ளர் என்று திட்டுகிற பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை, அவர்கள் சுங்கத்தில் கட்டுகிற காசு நாம் பார்ப்பதில்லை. ஆனால் பற்றுச்சீட்டு இல்லை, உத்தரவாதம் இல்லை, கடையும் இல்லை, பம்பலப்பிட்டியில் ஒரு சந்தியில் வந்து காசைத் தந்துவிட்டு வாங்கிக்கொண்டு போ என்று 260,000 கேட்கிறவர், அவர் வேறு ஆள். அந்த மேலதிக 70,000 ரூபாயில் வரியும் இல்லை, உத்தரவாதமும் இல்லை. தம்பியுடைய அவசரத்துக்கு வைத்த விலைதான் அது.

பிறகு வெளிநாட்டு உறவு. எங்கள் ஊரில் யாருக்குத்தான் லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒருவர் இல்லை! தம்பிக்கு லண்டனில் சின்ன மாமா. நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாக ஏற்கனவே டிக்கெட் போட்டிருந்தார். இங்கிலாந்தில் அப்போது சுவிட்ச் 2 தனியாக 395.99 பவுண், வரி எல்லாம் அந்த விலைக்குள்ளேயே. பவுண் 400 ரூபாய்க்குப் பார்த்தால் 158,000 சொச்சம். கனடா, அமெரிக்காவில் விலைச்சீட்டில் இருப்பதற்கு மேல் கடையில் வரி சேர்ப்பார்கள், ஒன்ராறியோவில் அது 13 வீதம், ஆகவே அங்கே இருக்கிற ஆளிடம் கேட்கும்போது வரியோடு கையில் எவ்வளவு என்று கேளுங்கள். பிறகு காசு விஷயத்தில் மனக்கசப்பு வராது.

மாமாவுக்கு நாங்கள் எழுதி அனுப்பிய செய்தியில் சில விஷயங்கள் சொல்லியிருந்தோம். ஒரே கடையை நம்பாமல் கொம்பனியின் சொந்த ஒன்லைன் கடையிலும் வேறு இரண்டு பெரிய கடைகளிலும் "வந்ததும் அறிவியுங்கள்" என்று மின்னஞ்சலைப் பதிந்து வைக்கும்படி கேட்டோம். ஒன்லைனில் முடிந்துவிட்டது என்று காட்டினாலும் வீட்டுக்குப் பக்கத்துக் கிளையில் போய்க் கேட்கச் சொன்னோம், ஏனென்றால் பொட் ஓடுவது இணையத்தில்தான், கடை வாசலில் அது வந்து நிற்காது. இன்னொன்று பலருக்குத் தெரியாது. முன்பதிவு செய்தவர்களிடம் பல கடைகள் சாமானை அனுப்புகிற நாளில்தான் காசு எடுக்கும், அந்த நேரம் சிலருடைய அட்டை காலாவதியாகியிருக்கும், சிலருடைய கணக்கில் காசு இருக்காது, அந்த ஓடர்கள் ரத்தாகி அந்தப் பெட்டிகள் மறுபடி விற்பனைக்கு வரும். ஆகவே வெளியீட்டுக்கு முதல் இரண்டு நாளும் புதுச் சரக்கு வருகிற நாட்களும் பார்க்க வேண்டிய நாட்கள். எங்கள் விஷயத்தில் வெளியீடு முடிந்துவிட்டதால் மாமா கடைக்குப் போய்க் கேட்பதையே செய்தார், ஜூலை முதல் கிழமையில் வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கடையில் தட்டில் நாலைந்து பெட்டி அடுக்கியிருந்ததாம். விலைச்சீட்டில் இருந்த அதே விலை.

இதற்கிடையில் தம்பி இன்னொரு விளம்பரத்தைக் கொண்டுவந்தான். அதே சுவிட்ச் 2, புத்தம் புதிது, ஜப்பானில் இருந்து ஒருவர் கொண்டுவந்தது, 135,000 தான். பார்க்க நல்ல பேரம் மாதிரி இருக்கும். இதில் கவனமாக இருங்கள். ஜப்பான் கடைகளில் அப்போது 49,980 யென்னுக்கு விற்ற சுவிட்ச் 2, எங்கள் காசில் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், அது ஜப்பான் மொழி மட்டும் உள்ள மெஷின். மெனு, அமைப்பு எல்லாம் ஜப்பான் மொழியில்தான் வரும், மாற்ற முடியாது. ஜப்பான் நாடு என்று பதிந்த நின்டென்டோ கணக்கைத் தவிர வேறு கணக்கை அதில் இணைக்கவும் முடியாது. எல்லா மொழியும் உள்ள மெஷின் அங்கேயே 69,980 யென், அதை நின்டென்டோவின் சொந்த ஒன்லைன் கடையில் மட்டும்தான் விற்றார்கள். ஜப்பான்காரர் வாங்குகிற விலை மலிவாக இருக்கட்டும், வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் விற்கிறவருக்குப் பயன்படக்கூடாது என்பதற்காக வைத்த பூட்டு மாதிரித்தான் இது. எப்படிக் கண்டுபிடிப்பது? விற்கிறவரிடம் மெஷினைப் போட்டு, மொழி மாற்றுகிற பக்கத்தைத் திறந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆங்கிலத்துக்கு மாற்றிக் காட்ட முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். தம்பி கேட்டான், அந்த ஆள் பதில் போடவில்லை.

2025 நவம்பரில் ஜப்பானில் வந்த, ஜப்பான் மொழி மட்டும் உள்ள தட்டில்லாத மொடலைத் தவிர்த்தால் பிளேஸ்டேஷன் 5 க்கு இந்த மொழிப் பிரச்சினை இல்லை, எந்த நாட்டு விளையாட்டுத் தட்டும் எந்த நாட்டு மெஷினிலும் ஓடும். ஆனால் மெஷின் எந்த நாட்டுக்கு என்று செய்தது என்பதை மொடல் இலக்கத்தில் பார்க்கலாம். CFI-2015 என்று இருந்தால் கடைசி 15 அமெரிக்கா, 16 இங்கிலாந்தும் ஐரோப்பாவும், 18 சிங்கப்பூர், ஹொங்கொங் பக்கம், 08 இந்தியா, 00 ஜப்பான். முதல் வந்த பெரிய மொடல்களிலும் இந்தக் கடைசி இரண்டு இலக்கத்துக்கு இதே அர்த்தம்தான். "சிங்கப்பூர் சாமான், அங்கேயே உத்தரவாதம்" என்று ஒருவர் சொல்லிவிட்டு பெட்டியில் 15 என்று இருந்தால் அவர் சொல்கிற மற்றதையும் நம்பவேண்டாம்.

அப்புறம் இரண்டாம் வகை, எண்ணிச் செய்கிற கலெக்டர்ஸ் எடிஷன். இதற்கு நல்ல உதாரணம் 2024 இல் வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோ முப்பதாவது ஆண்டுப் பதிப்பு. முதல் பிளேஸ்டேஷன் ஜப்பானில் வெளிவந்தது 1994 டிசம்பர் 3. அந்த 12 ஆம் மாதத்தையும் 3 ஆம் திகதியையும் நினைவுபடுத்தி உலகம் முழுவதுக்கும் 12,300 மட்டும் செய்தார்கள். ஒவ்வொன்றிலும் அதன் இலக்கம் பொறித்திருக்கும். விலை 999.99 டொலர். முன்பதிவு திறந்ததும் முடிந்துவிட்டது, மறுவிற்பனையில் இரண்டு மடங்குக்கும் மேல் கேட்டார்கள். இங்கே ஃபக்டரி நின்றுவிட்டது, ஆகவே பொறுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், பொறுத்தால் விலை இறங்கும் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று பாருங்கள். அதே காலத்தில் 699.99 டொலருக்கு விற்ற சாதாரண ப்ரோ மெஷின், பழைய பிளேஸ்டேஷனின் சாம்பல் நிறத்தில். கூடவே அதே நிறத்தில் இரண்டு கொன்ட்ரோலர், சார்ஜ் பண்ணுகிற தட்டு, நிமிர்த்தி வைக்கிற தாங்கி, சில சின்னச் சாமான்கள். தட்டுப் போடுகிற பகுதி உள்ளே இல்லை, அதை மூடுகிற உறைதான் இருந்தது, தட்டுப் போட வேண்டுமானால் தனியாக வாங்க வேண்டும். விளையாட்டு ஓடுகிற வேகத்தில் ஒரு துளி வித்தியாசம் கிடையாது. சாம்பல் நிறத்தைப் பார்த்தவுடன் சின்ன வயது நினைவு வருகிறவருக்கு அந்த நிறம் பெறுமதியானதுதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த ஆசைக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்பதை முன்பதிவுக்கு முதல் நாளே ஒரு தாளில் எழுதி வையுங்கள். முடிந்துபோன பிறகு அந்த எண் மனத்துக்குள் ஏறிக்கொண்டே போகும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, "லிமிட்டட்" என்று போட்டதெல்லாம் எண்ணிச் செய்ததில்லை. நின்டென்டோ தன் பழைய என்இஎஸ் கொன்சோலைச் சின்னதாக்கிச் செய்த மெஷின் 2016 நவம்பரில் 59.99 டொலருக்கு வந்தது, கடைகளில் கிடைக்கவே இல்லை, 2017 ஏப்ரலில் நிறுத்திவிட்டோம் என்றார்கள், மறுவிற்பனை விலை ஏறியது. பிறகு 2018 ஜூனில் அதே மெஷினைத் திரும்பவும் செய்து அதே விலைக்கு விட்டார்கள். அறிவிப்பில் ஓர் எண் சொல்லி, மெஷினிலும் இலக்கம் பொறித்திருந்தால் அது எண்ணியது. "இருக்கும் வரை", "குறிப்பிட்ட காலம்" என்று மட்டும் இருந்தால் மறுபடி வரலாம். சில சின்னக் கொம்பனிகள் மூன்று நான்கு கிழமை முன்பதிவைத் திறந்து வைத்து, எத்தனை பேர் கேட்டார்களோ அத்தனை செய்து கொடுக்கின்றன. அந்த நாட்களுக்குள் பெயர் கொடுத்தால் எல்லோருக்கும் கிடைக்கும், பொட்டுக்கு அங்கே வேலை இல்லை, செய்து அனுப்பப் பல மாதம் ஆகும் என்பது ஒன்றுதான். எனக்கு இந்த முறைதான் மிகவும் நேர்மையாகப் படுகிறது.

விளையாட்டுகளின் கலெக்டர்ஸ் எடிஷனில் எங்கள் ஊர்க்காரர் அடிபடுகிற இடம் வேறு. 2022 இல் வந்த கோட் ஒஃப் வார் ரக்னரொக் என்கிற பிளேஸ்டேஷன் விளையாட்டின் பெட்டியை எடுங்கள். அமெரிக்காவில் 199.99 டொலர், உள்ளே 16 அங்குலச் சுத்தியல் ஒன்று, சின்னச் சிற்பங்கள், அழகான இரும்பு உறை. அந்த உறையைத் திறந்தால் தட்டு இல்லை! விளையாட்டு, இணையத்தில் இறக்கிக்கொள்வதற்கு ஒரு தாளில் அச்சடித்த குறியீடாகத்தான் வந்தது. அந்தக் குறியீடு ஒருமுறைதான் வேலை செய்யும், அது எந்த நாட்டுப் பெட்டியோ அந்த நாட்டுக் கணக்கில்தான் ஏறும். இலங்கைக்கென்று தனி பிளேஸ்டேஷன் ஸ்டோர் இல்லாததால் எங்களில் சிலர் அமெரிக்கக் கணக்கு வைத்திருக்கிறோம், சிலர் இங்கிலாந்து, சிலர் இந்தியா. எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் மகனின் பிறந்தநாளுக்கு இப்படி ஒரு பெட்டியைக் கூட விலை கொடுத்து ஒரு தனியாளிடம் வாங்கினார், பிளாஸ்டிக் உறை பிரிக்காத பெட்டி, ஒரு குறையும் சொல்ல முடியாது. பெடியன் குறியீட்டை அடித்தான், ஏறவில்லை. பெட்டி அமெரிக்காவுக்கானது, அவனுடைய கணக்கு இங்கிலாந்து. விளையாட அவன் புதிதாக ஓர் அமெரிக்கக் கணக்குத் திறக்க வேண்டியதாயிற்று, முதல் பாகத்தில் அவன் சேர்த்து வைத்த வெற்றிப் பட்டியல் எல்லாம் பழைய கணக்கிலேயே கிடக்கிறது.

ஆகவே இந்த மாதிரிப் பெட்டி வாங்கும்போது கேட்க வேண்டியது இவ்வளவுதான்: உள்ளே தட்டா, குறியீடா? குறியீடு என்றால் எந்த நாட்டுக்கு? பெட்டி பிரித்ததா? பிரித்த பெட்டி என்றால் குறியீடு பாவித்துவிட்டார்கள் என்றே எடுத்துக்கொண்டு, விளையாட்டின் விலையைக் கழித்துவிட்டுச் சிலைக்கும் உறைக்கும் மட்டும் பேரம் பேசுங்கள். பல நேரம் சிலையும் உறையும்தான் வேண்டும் என்றால், வெளியீடு முடிந்து சில மாதத்தில் குறியீடு பாவித்த பெட்டிகள் நல்ல மலிவுக்கு வரும், ஏனென்றால் விளையாடி முடித்தவர்களுக்கு அலுமாரியில் இடம் இருக்காது.

தனியாளிடம் கைமாறுகிற எந்தச் சாமானுக்கும் முன்பணம் வங்கியில் போடவேண்டாம். பிளேஸ்டேஷன் 5 வந்த காலத்தில் ஒன்லைன் ஏலத்தில் கொன்சோலின் படத்தை, உண்மையாகவே அச்சடித்த படத்தை, கொன்சோல் விலைக்கு விற்றவர்கள் இருந்தார்கள். விவரத்தில் சின்ன எழுத்தில் "படம்" என்று போட்டிருந்தது, வாசிக்காமல் காசு கட்டியவர்கள் ஏமாந்தார்கள். கொழும்பில் வாங்குவதானால் தெரிந்த ஒருவரைப் போகச் சொல்லி, பெட்டியைப் பிரித்து, மின்சாரம் கொடுத்து, இணையத்தில் இணைத்துப் பார்த்த பிறகு காசைக் கொடுக்கச் சொல்லுங்கள். இணையத்தில் இணைப்பதுதான் முக்கியம், களவெடுத்தது, மோசடியில் வந்தது என்று கொம்பனி தடை செய்த மெஷின் என்றால் அந்த இடத்தில்தான் தெரியவரும், வெறுமனே மெனு வருவதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

மாமா நல்லூர்க் கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முதல் வந்து சேர்ந்தார். கடைப் பற்றுச்சீட்டை பாஸ்போர்ட்டோடு வைத்திருந்தார், சுங்கத்தில் கேட்டால் விலையைக் காட்ட அது வேண்டும். சார்ஜரின் அடியில் 100-240V என்று போட்டிருக்கிறதா என்று தம்பி டோர்ச் அடித்துப் பார்த்தான், போட்டிருந்தது. இங்கிலாந்துச் சதுர மூன்று முள் பிளக், எங்கள் வீடுகளில் இப்போது பூட்டுகிற 13 அம்பியர் சொக்கெட்டில் அப்படியே போகிறது. அமெரிக்கா, கனடாவில் இருந்து வந்தால் தட்டை முள், அதற்கு ஓர் அடப்டர் வேண்டும். அன்று இரவு அவன் பழைய விளம்பரத்தைத் தேடிப் பார்த்தான். அதே கொழும்பு இலக்கம், அதே படம், விலை மட்டும் 195,000 ஆகியிருந்தது.